ஓடர் கூடியும் களஞ்சியக் கட்டணம் குறையாதது ஏன்? கையாளல், திரும்பல் கட்டணங்களைத் திருத்தக் கேட்கும் முறை

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்து ஒடியல் மா, பனங்கட்டி, முருங்கையிலைத் தூள், நல்லெண்ணெய் போன்றவற்றை இணையத்தில் விற்பவர்கள் ஒரு கட்டத்துக்கு மேல் பொதி கட்டும் வேலையை வெளியாருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பொருளை வாங்கி அடுக்கி வைத்து, ஓடர் வந்ததும் எடுத்துக் கட்டி, கூரியரிடம் ஒப்படைத்து, திரும்பி வருவதையும் ஏற்கும் நிறுவனத்தை இங்கே களஞ்சியச் சேவை நிறுவனம் என்று அழைப்போம். ஏ9 வீதியும் மன்னார், திருகோணமலைப் பாதைகளும் சந்திக்கும் இடம் என்பதால் வன்னி விற்பனையாளருக்கு வவுனியாவில் சரக்கை வைத்திருப்பது வசதி.

மாதம் 250 ஓடர் இருந்தபோது போட்ட ஒப்பந்தம், 1,000 ஓடர் ஆன பிறகும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். பில் நான்கு மடங்காகும். “இவ்வளவு ஓடர் கொடுக்கிறோம், விலையைப் பாதியாக்குங்கள்” என்று கேட்டால் முடியாது என்று பதில் வரும். கேட்டவருக்கு அது அநியாயமாகத் தெரியும். உண்மையில் ஓடர் கூடும்போது சில செலவுகள் நன்றாகக் குறைகின்றன, சில துளியும் குறைவதில்லை. எது எது என்று பிரித்துக் காட்டிக் கேட்டால்தான் பேச்சு நகரும்.

பில்லில் இருக்கும் மூன்று வேறு பணங்கள்

முதலில் பில்லைப் பிரிக்க வேண்டும். பெரும்பாலான பில்களில் மூன்று வகைப் பணம் கலந்து கிடக்கிறது.

1. கையாளல் கட்டணம். றாக்கையிலிருந்து பொருளை எடுப்பது, பொதி கட்டுவது, லேபல் ஒட்டுவது, கணினியில் பதிவது. இது களஞ்சிய நிறுவனத்தின் சொந்த வேலை. விலையைக் குறைக்கும் அதிகாரம் அவர்களிடமே இருக்கிறது.

2. விநியோகக் கட்டணம். கூரியர் நிறுவனத்துக்குப் போகும் பணம். களஞ்சிய நிறுவனம் இதை வாங்கிக் கொடுப்பவர் மட்டுமே. கூரியர் அவர்களுக்குக் கழிவு கொடுத்தால்தான் அவர்கள் உங்களுக்குக் கொடுக்க முடியும்.

3. திரும்பல் கட்டணம். இது ஒரே தொகையாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன: பொதியைத் திருப்பிக் கொண்டுவரும் கூரியர் கூலி, வந்த பொதியைக் களஞ்சியத்தில் ஏற்கும் கையாளல் கூலி.

மூன்றாவதை இரண்டாகப் பிரித்துத் தரும்படி எழுத்தில் கேட்பதே முதல் படி. பிரிக்காமல் “ரிட்டர்ன் ஒன்றுக்கு 370 ரூபா” என்றே இருந்தால், எந்தப் பகுதியைப் பற்றிப் பேசினாலும் “அது கூரியர்காரரின் கட்டணம்” என்று சொல்லி முடித்துவிட முடியும். எரிபொருள் விலையைக் காரணம் காட்டினால் அது கூரியர் பகுதிக்குப் பொருந்தும். களஞ்சியத்துக்குள் நடக்கும் எடுத்துக் கட்டும் வேலைக்கும் டீசல் விலைக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

கையாளலில் எவ்வளவு குறையலாம்: ஒரு கணக்கு

கீழே உள்ள தொகைகள் விளக்கத்துக்காக எடுத்தவை. உங்கள் பில்லில் உள்ளவற்றைப் போட்டு அதே வழியில் கணக்கிடலாம்.

பழைய ஒப்பந்தப்படி ஓர் ஓடருக்குக் கையாளல் 120 ரூபா. மாதம் 250 ஓடர் என்றால், 25 வேலை நாளில் நாளுக்குப் பத்து. இந்த அளவில் ஓடர் வந்தவுடன் ஒருவர் றாக்கைக்குப் போய் எடுத்து வந்து கட்டுவார். நடந்து எடுக்க 4 நிமிடம், கட்ட 3 நிமிடம், லேபலும் பதிவும் 1 நிமிடம். மொத்தம் 8 நிமிடம்.

1,000 ஓடர் என்றால் நாளுக்கு நாற்பது. இப்போது பத்து ஓடருக்குரிய பொருளை ஒரே நடையில் வண்டியில் எடுத்து வந்து மேசையில் பிரிக்கலாம். ஓர் ஓடருக்கு விழும் நடை நேரம் 4 நிமிடத்திலிருந்து 1 நிமிடமாகும். ஆனால் கட்டுவதற்கு அதே 3 நிமிடம், லேபலுக்கு அதே 1 நிமிடம். மொத்தம் 5 நிமிடம். குறைந்தது நடை மட்டுமே.

இனி இதைப் பணமாக்கலாம். ஒரு வேலையாளுக்கு, ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்டும் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதம் எல்லாம் சேர்த்து மாதம் 50,000 ரூபா செலவு என்று வைப்போம். மாதம் 200 மணி நேரம் வேலை என்றால் மணிக்கு 250 ரூபா, நிமிடத்துக்கு 4 ரூபாவுக்குச் சற்று மேல். ஒருவர் எல்லா நேரமும் பொதி கட்டிக்கொண்டே இருக்க முடியாது. லொறி வரும், சரக்கு இறங்கும், மின்சாரம் நிற்கும். பயனுள்ள நேரம் 60 வீதம் என்று கொண்டால், 8 நிமிட வேலையின் உண்மைச் செலவு சுமார் 56 ரூபா. 5 நிமிட வேலைக்குச் சுமார் 35. ஆக, உழைப்பில் குறைவது ஓடருக்கு ஏறத்தாழ 20 ரூபா.

அடுத்து, ஓடர் எண்ணிக்கையோடு சேர்ந்து வளராத வேலைகள்: மாதப் பில் தயாரிப்பது, பொதியைக் கொடுக்கும்போது வாங்குபவரிடம் கையில் பெற்ற காசைச் சரிபார்த்து உங்களுக்கு அனுப்புவது, உங்களோடு தொலைபேசியில் பேசுவது. 250 ஓடருக்கு இதன் செலவு மாதம் 7,500 ரூபா என்றால் ஓடருக்கு 30. 1,000 ஓடரில் இந்த வேலை இரட்டித்து 15,000 ஆனாலும் ஓடருக்கு 15 ரூபாதான். இங்கே இன்னொரு 15 ரூபா.

இரண்டும் சேர்ந்து ஓடருக்குச் சுமார் 35 ரூபா. 120 ரூபாக் கட்டணத்தில் நியாயமாகப் பேசக்கூடிய இடம் இவ்வளவுதான். 60 ரூபாவுக்கு இறக்கச் சொன்னால், உழைப்பும் இந்த வேலைகளும் போக மற்றச் செலவுகளுக்கு 10 ரூபாதான் மிஞ்சும், நிறுவனம் நட்டத்தில் கட்ட நேரலாம். நட்டத்தில் கட்டுபவர் ஒப்பந்தத்தை உடைக்க மாட்டார். உங்கள் பொதியைக் கடைசியாகக் கட்டுவார், மெல்லிய பெட்டியில் கட்டுவார். எண்ணெய்ப் போத்தல் உடைந்து வந்த பிறகுதான் அது உங்களுக்குத் தெரியவரும்.

இந்தக் கணக்கைத் தலைகீழாக்கும் ஒன்றும் இருக்கிறது. ஓடர் நான்கு மடங்கானபோது பொருள் வகையும் 12 இலிருந்து 60 ஆகியிருந்தால், ஓர் ஓடருக்குச் சராசரி 1.5 பொருள் இருந்தது 3 ஆகியிருந்தால், நடை நேரம் குறைந்திருக்காது. கூடியிருக்கவும் கூடும். ஆகவே கேட்கப் போகுமுன் ஓடருக்கு எத்தனை பொருள் என்ற சராசரியைப் பழைய மாதத்துக்கும் இப்போதைக்கும் எடுத்துப் பாருங்கள். அது ஏறியிருந்தால், முதல் இரண்டு பொருளுக்கு ஒரு விலை, மேலதிகப் பொருளுக்குத் தனி விலை என்று பிரித்துக் கேட்பதுதான் பொருந்தும்.

படி விலையை எந்த முறையில் எழுதுவது

ஓடர் கூடக் கூட விலை குறைவதை இரண்டு முறையில் எழுதலாம். வார்த்தையில் வித்தியாசம் சிறிது, பணத்தில் பெரிது.

முதல் முறையில், 500 ஐத் தாண்டினால் எல்லா ஓடருக்கும் குறைந்த விலை. 120 ரூபா 100 ஆகிறது என்றால், 500 ஓடருக்கு 60,000 ரூபா பில் வரும். 501 ஓடருக்கு 50,100 ரூபாதான் வரும். ஓர் ஓடர் கூடியதால் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 10,000 ரூபா இழப்பு. இதை அவர்கள் விரும்ப மாட்டார்கள், விரும்பாததில் பிழையும் இல்லை. மாதக் கடைசியில் ஓடரை அடுத்த மாதத்துக்குத் தள்ளும் ஆசையும் இதில் பிறக்கும்.

இரண்டாம் முறையில், முதல் 500 ஓடருக்குப் பழைய 120, அதற்கு மேற்பட்டவற்றுக்கு மட்டும் 85. 1,000 ஓடருக்கு 60,000 உடன் 42,500 சேர்ந்து 102,500 ரூபா. பழைய விலையில் 120,000. உங்களுக்கு மாதம் 17,500 மீதம், ஓடருக்கு 17.50. மேலே கண்ட 35 ரூபாவில் சரிபாதி உங்களுக்கு, சரிபாதி அவர்களுக்கு. எந்த இடத்திலும் திடீர்ச் சரிவும் இல்லை. கேட்பதற்கு இதுவே நல்ல வடிவம்.

எண்ணிக்கையை ஒரு மாதத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, ஆவணி மடுத் திருவிழாக் காலங்களில் ஏறும், பிறகு இறங்கும். கடந்த மூன்று மாதச் சராசரி என்று எழுதுவதே இரு தரப்புக்கும் பாதுகாப்பு. குறைந்தபட்ச ஓடர் உறுதி கேட்டால், உங்கள் மிக மந்தமான மாதத்தின் எண்ணிக்கைக்குக் கீழே மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் பொதி: பணம் போகும் பெரிய ஓட்டை

கையில் காசு கொடுத்து வாங்கும் முறையில் வாங்குபவர் பொதியைத் திறக்குமுன்னே மறுக்கலாம். நூற்றுக்குப் பதினைந்து திரும்புகிறது என்று வைத்தால், 1,000 இல் 150 பொதி. ஒவ்வொன்றுக்கும் திரும்பும் கூரியர் கூலி 250, களஞ்சியக் கையாளல் 120, ஆக 370. மாதம் 55,500 ரூபா. போகும்போது கட்டிய விநியோகக் கூலியும் பெட்டிச் செலவும் இதற்கு வெளியே.

இங்கே கவனிக்க வேண்டியது அந்த 120. போகும் பொதிக்கும் வரும் பொதிக்கும் ஒரே கையாளல் விலை போடுவது பழக்கமாக இருக்கிறது. வேலை ஒன்றல்ல. முத்திரை உடையாமல் திரும்பிய பொதிக்கு லேபலைப் பதிந்து, டேப் பிரியவில்லை என்று பார்த்து, றாக்கையில் வைத்தால் போதும்; இரண்டு மூன்று நிமிட வேலை. திறக்கப்பட்ட பொதியில் ஒவ்வொரு பொருளாக எடுத்து, எண்ணி, காலாவதித் திகதி பார்த்து, எது விற்கலாம் எது கூடாது என்று பிரிக்க வேண்டும். அது போகும் பொதியை விட நீண்ட வேலை. ஆகவே முத்திரையோடு வந்ததற்கு 50, திறந்து வந்ததற்கு 120 என்று இரண்டு விலை கேட்பது நியாயம். திறந்து வந்ததற்கும் குறைக்கச் சொல்லாததால், நீங்கள் வேலையைப் புரிந்து கேட்கிறீர்கள் என்பது எதிரில் இருப்பவருக்கு விளங்கும்.

திறந்து வந்த உணவுப் பொருளைத் திரும்ப விற்க முடியாது. அப்படியென்றால் அதை ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொல்வதும் வீண். “திறந்த உணவுப் பொதி: ஒரு படம், தனிப் பெட்டி, மாதக் கடைசியில் அப்புறப்படுத்தல்” என்று ஒரு வரி விதி எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கு ஐந்து நிமிடம் மிச்சம். ஒவ்வொரு பொதிக்கும் தொலைபேசி எடுத்து “இதை என்ன செய்வது?” என்று கேட்கும் வேலையும் நிற்கும்.

காரணத்தை வைத்துப் பிரிப்பது

அடுத்த கேள்வி: எந்தத் திரும்பலுக்கு யார் காசு கட்டுவது? மூன்று மாதத் திரும்பல் பட்டியலைக் காரணத்தோடு வாங்குங்கள். நம் உதாரணத்தின் 150 இப்படிப் பிரிகிறது: வாசலில் மறுத்தவை 60, ஆளைப் பிடிக்க முடியாதவை 50, முகவரி போதாதவை 25, உடைந்தவை 10, பொருள் மாறிக் கட்டியவை 5.

கடைசி இரண்டும் சேர்ந்த 15 பொதிக்கு நீங்கள் எதுவும் கட்டக் கூடாது. போன கூலியும் சேர்த்து. உங்கள் பெட்டி பலவீனமாக இருந்து உடைந்தால் அது வேறு கதை. அதனால் எந்தப் பொருளுக்கு எந்தப் பெட்டி, போத்தலுக்கு எத்தனை சுற்று என்பதை ஒப்பந்தத்தின் இணைப்பில் எழுதி வைக்க வேண்டும்.

முகவரி போதாதது உங்கள் பக்கத்துப் பிழை. மீள்குடியேறிய பல கிராமங்களில் வீட்டிலக்கம் சரியாக இல்லை. “பாடசாலைக்குப் பின் ஒழுங்கை” என்றுதான் ஆட்கள் சொல்வார்கள். ஓடர் எடுக்கும்போதே கிராம அலுவலர் பிரிவும் அருகிலுள்ள கடையோ கோயிலோ பாடசாலையோ கேட்டு வாங்கினால் இந்த 25 குறையும்.

மிகவும் சண்டை வரும் இடம் “ஆளைப் பிடிக்க முடியவில்லை” என்ற 50. இதில் எத்தனை உண்மை என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒவ்வொரு முயற்சியின் நாளும் நேரமும் கேளுங்கள். இரண்டு முயற்சியும் ஒரே நாளில் பத்து நிமிட இடைவெளியில் இருந்தாலோ, துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்துப் பொதிகள் எல்லாம் ஒரே நேரத்தில் “பதில் இல்லை” என்று பதிவாகியிருந்தாலோ, கூரியர்காரர் அந்தப் பாதைக்கே போகாமல் பதிந்திருக்க வாய்ப்பு அதிகம். வயலிலோ கடலிலோ வேலை செய்பவரைப் பகல் பத்து மணிக்கு அழைத்தால் எடுக்க மாட்டார். ஆகவே ஒப்பந்தத்தில் கேட்க வேண்டிய வரி இது: இரண்டு வேறு நாளில் இரண்டு முயற்சி, அதில் ஒன்று மாலை நான்கு மணிக்குப் பின், பதிவு இல்லாத திரும்பலுக்குக் கட்டணம் இல்லை.

மழைக்காலத்துக்குத் தனி விதி வேண்டும். வடகீழ்ப் பருவமழையில் கார்த்திகை, மார்கழியில் உள்வீதிகள் அடிக்கடி மூடும். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கியது நினைவிருக்கும். பாதை மூடிய நாட்களில் பொதியைத் திருப்பாமல் கூரியர் கிளையில் ஏழு நாள் வைத்திருப்பது என்று எழுதினால், ஒரே பொதி போய் வந்து மறுபடி போகும் செலவு இல்லை.

இந்த விதிகளோடு கணக்கு மாறுகிறது. 150 இல் 15 கட்டணமில்லை. மீதி 135 இல் 110 முத்திரையோடு வந்தால் ஒன்றுக்கு 300, ஆக 33,000. திறந்து வந்த 25 க்கு 370 வீதம் 9,250. மொத்தம் 42,250 ரூபா. பழைய 55,500 உடன் ஒப்பிட்டால் மாதம் 13,250 மீதம். ஒரு பொதிக்கான கூரியர் கூலியில் ஒரு சதமும் குறைக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அதையும் குறைக்க வேண்டுமானால், திரும்பும் பொதிகளைத் தனித்தனியாக அனுப்பாமல் வாரம் இரு முறை ஒரே சாக்கில் நிறைக் கணக்கில் கொண்டுவரச் சொல்லலாம். சரக்குத் தாமதமாகக் கைக்கு வரும். பனங்கட்டிக்கு அது பரவாயில்லை. நீண்ட நாள் நிற்காத பலகாரத்துக்குச் சரிவராது.

கேட்கும் கடிதமும் காலமும்

ஒப்பந்தத்தில் விலை திருத்த எத்தனை நாள் முன்னறிவித்தல் என்று இருக்கும். அதைப் பார்த்து, சீசன் தொடங்க இரண்டு மாதம் முன்னரே கேளுங்கள். பொங்கலுக்கு முந்தின வாரம் கேட்டால் அவர்களுக்கு யோசிக்க நேரமில்லை, உங்களுக்கு வேறிடம் மாற நேரமில்லை. கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அட்டவணைகளை இணைப்பாக வையுங்கள். இப்படி எழுதலாம்:

“மதிப்பிற்குரிய முகாமையாளர் அவர்களுக்கு,
எமது மாத ஓடர் 250 இலிருந்து, கடந்த மூன்று மாதச் சராசரியில், 1,000 ஆக உயர்ந்துள்ளது. ஓடருக்குப் பொருள் எண்ணிக்கை மாறவில்லை (இணைப்பு 1). ஆகவே பின்வருவனவற்றைக் கேட்கிறோம்: 500 க்கு மேற்பட்ட ஓடருக்குக் கையாளல் 85 ரூபா, முத்திரை உடையாத திரும்பலுக்குக் கையாளல் 50 ரூபா, உடைந்தது, மாறிக் கட்டியது, முயற்சிப் பதிவு இல்லாதது ஆகியவற்றுக்குக் கட்டணமின்மை. எமது பக்கத்திலிருந்து: கையில் காசு ஓடர் ஒவ்வொன்றையும் அனுப்புமுன் அழைத்து உறுதிசெய்வோம், திறந்த உணவுப் பொதிக்கான விதியை எழுத்தில் தருவோம், மாதம் 600 ஓடர் உறுதி தருகிறோம். நேரில் பேச ஒரு நாள் ஒதுக்கித் தந்தால் வருகிறோம்.”

“எமது பக்கத்திலிருந்து” என்ற பகுதியை விட்டுவிட்டால் இது வெறும் விலைக்குறைப்புக் கோரிக்கையாகிவிடும். அனுப்புமுன் அழைத்து உறுதிசெய்வது உங்கள் நேரத்தை எடுக்கும், ஆனால் வாசலில் மறுக்கும் 60 பேரில் ஒரு பகுதியை முன்கூட்டியே பிடிக்கும். நிறுவனத்துக்கோ திரும்பல் மேசையில் ஆள் குறையும்.

அவர்கள் சொல்லக்கூடிய மறுப்புகளில் சம்பள உயர்வு உண்மையானது. தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாக்கப்பட்டது. அதை ஏற்றுக்கொண்டு, ஆண்டுக்கு ஒரு முறை சம்பள உயர்வுக்கேற்ப கையாளல் விலையைத் திருத்தலாம் என்று எழுதச் சம்மதியுங்கள். வேறு நிறுவனத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பேசுவதென்றால், இரண்டிலும் 18 வீத வற் வரி சேர்த்தா சேர்க்காமலா என்று முதலில் பாருங்கள். சேர்க்காத விலையைச் சேர்த்த விலையோடு வைத்துப் பேசினால் உங்கள் மற்றக் கணக்குகளையும் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

சம்மதம் கிடைத்த பின் முதல் பில்லை வரி வரியாகச் சரிபாருங்கள். புதிய விலை கணினியில் ஏற்றப்படாமல் பழைய விலையிலேயே பில் வருவது சாதாரணமாக நடக்கும். மூன்று இடம் பார்த்தால் போதும்: 501 ஆவது ஓடரிலிருந்து விலை மாறியிருக்கிறதா, முத்திரையோடு வந்த திரும்பல் தனி வரியில் இருக்கிறதா, உடைந்தது என்று அவர்களே பதிந்த பொதிக்குப் போன கூலியும் கழிக்கப்பட்டிருக்கிறதா. பிழை இருந்தால் பில் கிடைத்த ஏழு நாளுக்குள் எழுத்தில் அறிவியுங்கள். அந்த ஏழு நாள் என்ற கால எல்லையையும் ஒப்பந்தத்திலேயே போட்டுக்கொள்ளலாம்.